நெரிசலான படத்தின் மேல் தலைப்பு: பயணத் தளத்தின் முகப்பைப் பரிசோதிக்கும் முறை

பாசிக்குடாவிலோ அறுகம்குடாவிலோ ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு இணையத்தளம் செய்தால், முதலில் கண்ணில் படுவது முழு அகலத்துக்கு ஒரு படமும் அதன் மேல் ஒரு தலைப்பும்தான். இந்தப் பகுதியை டிசைனர்கள் ஹீரோ என்பார்கள். படம் அழகாக இருக்கும், தலைப்பும் நன்றாக இருக்கும். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்ததும் எழுத்து வாசிக்க முடியாமல் போகும். அது ஏன், எந்த இடத்தில், எவ்வளவு என்று கண்டுபிடித்து டிசைனருக்குச் சரியாகச் சொல்வது எப்படி என்பதைப் புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்காக ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்து இங்கே விளக்குகிறோம்.

எடுத்துக்காட்டு இது. பாசிக்குடாக் கரையில் எடுத்த அகலமான படம், 1920 × 1080. இடது பக்கம் மணல். நடுவில் கரைக்கு இழுத்து வைத்த நீல நிறப் படகு, அதைச் சுற்றி வெள்ளை நுரை. வலது பக்கம் பச்சையும் நீலமும் கலந்த ஆழமில்லாத கடல். மேலே மெல்லிய கீற்றாக வானம். தலைப்பு: “பாசிக்குடாக் கடலில் இரண்டு நாள்”. வெள்ளை எழுத்து, 56 பிக்சல், இடது பக்கம் தொடங்குகிறது. அதன் கீழ் 18 பிக்சலில் ஒரு வரி விளக்கமும் ஒரு பட்டனும்.

முதலில் எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்

தலைப்போடு சேர்த்துப் பார்த்தால் கண் ஏமாந்துவிடும். என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கு முன்பே தெரியும், அதனால் தெரியாத எழுத்தையும் மனம் நிரப்பிக்கொள்ளும். ஆகவே குரோமில் பக்கத்தைத் திறந்து, தலைப்பில் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் போய், அந்த எழுத்தின் நிறத்தை `color: transparent` ஆக்குங்கள். எழுத்துக்கு நிழல் கொடுத்திருந்தால் `text-shadow: none` என்றும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நிழல் மட்டும் பேய்போல் நிற்கும். பிறகு ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். எழுத்தோடு இன்னொன்றும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தில்லாத படத்தில் தலைப்பு இருந்த இடத்தைப் பாருங்கள். அங்கே வெளிச்சமும் இருட்டும் எத்தனை தடவை மாறி மாறி வருகின்றன? வானம் முழுவதும் ஒரே வெளிர்நீலம் என்றால் அது அமைதியான இடம். அடர்நிற எழுத்தை அங்கே கவலையின்றி வைக்கலாம். நம் படத்தில் தலைப்பு மணலில் தொடங்கி, படகின் மேல் ஏறி, நுரையில் முடிகிறது. ஒரே வரிக்குப் பின்னால் மூன்று வேறு வெளிச்சங்கள்.

ஸ்கிரீன்ஷொட்டில் நிறம் எடுத்தால் மணல் `#CDB58C`, படகின் பக்கம் `#1F4E79`, நுரை `#F4F4F2` என்று வருகிறது. நிறம் எடுக்கும்போது ஒரு தனிப் பிக்சலை நம்பாதீர்கள். படத்தில் சிறு புள்ளிகள் எப்போதும் இருக்கும். GIMP போன்ற மென்பொருளில் அயலிலுள்ள பிக்சல்களின் சராசரியை எடுக்கும் தெரிவு இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை ஓர் எண்ணாகச் சொல்வது கொன்ட்ராஸ்ட், எண் கூடினால் எழுத்து தெளியும். இந்த நிறங்களை வெள்ளை எழுத்தோடு சேர்த்து ஒரு கொன்ட்ராஸ்ட் கணிப்பானில் போடுங்கள். WebAIM தளத்தில் இலவசமாக ஒன்று இருக்கிறது. படகின் மேல் 8.7 வருகிறது, மிக நல்ல அளவு. மணலின் மேல் 2. நுரையின் மேல் 1.1, அதாவது வெள்ளையின் மேல் வெள்ளை. எழுத்தைக் கறுப்பாக்கினால் கதை தலைகீழாகும்: நுரையில் பளிச்சென்று தெரியும், படகின் மேல் மங்கிவிடும். “எழுத்தின் நிறத்தை மாற்றிப் பாருங்கள்” என்ற ஆலோசனை இந்த மாதிரிப் படத்தில் பயன்படாமல் போவது இதனால்தான். எந்த ஒரு நிறமும் மூன்று இடத்துக்கும் பொருந்தாது.

எந்த அளவு போதும்? WCAG என்ற இணைய அணுகல் வழிகாட்டி AA என்ற நடு நிலையில் சாதாரண எழுத்துக்கு 4.5, பெரிய எழுத்துக்கு 3 என்கிறது. பெரிய எழுத்து என்றால் 24 பிக்சலும் அதற்கு மேலும், தடித்த எழுத்தானால் சுமார் 18.7 பிக்சலும் அதற்கு மேலும். அந்தக் கணக்கில் நம் 56 பிக்சல் தலைப்புக்கு 3 போதும். ஆனால் தமிழ்த் தலைப்புக்கு 4.5ஐயே அடிமட்டமாக வையுங்கள் என்போம். காரணம் புள்ளி.

புள்ளி காணாமல் போகும் இடம்

“பாசிக்குடாக் கடலில் இரண்டு நாள்” என்பதில் ஐந்து புள்ளிகள் இருக்கின்றன. க், க், ல், ண், ள். எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும் புள்ளி அதில் ஒரு சின்னத் துளிதான். நுரையும் அதே அளவுத் துளிகளால் ஆனது. ஸ்கிரீன்ஷொட்டை 300 சதவீதம் பெரிதாக்கி, கடைசிச் சொல்லான “நாள்” என்பதைப் பாருங்கள். ள-வின் மேலுள்ள புள்ளிக்குப் பக்கத்தில் நுரையின் வெள்ளைப் பொட்டுகள் நாலைந்து நிற்கும். எது புள்ளி, எது நுரை என்று சொல்ல முடியாது. சில இடங்களில் எதிர்மாறாகவும் நடக்கும்: புள்ளி இல்லாத எழுத்தின் மேல் ஒரு நுரைப் பொட்டு சரியாகக் குந்திக்கொள்ளும். ஆங்கிலத் தலைப்பை மட்டும் வைத்துப் பரிசோதித்தால் இந்தக் குறை கண்ணில் படாது.

ஆகவே தமிழ்த் தலைப்புக்கு ஒவ்வொரு புள்ளியாக எண்ணுங்கள். எத்தனை இருக்க வேண்டும், ஒரு கை நீளத்தில் போனைப் பிடித்துப் பார்த்தால் எத்தனை தெரிகின்றன. இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் கொன்ட்ராஸ்ட் எவ்வளவு வந்தாலும் தலைப்பு தேறவில்லை.

எழுத்துருவின் தடிமனும் இதில் சேரும். மெல்லிய எழுத்து படத்தில் கரைந்துவிடும். அளவுக்கு மீறித் தடித்தால் ண, ஞ, ஐ போன்றவற்றின் உள்வெளிகள் அடைபட்டு எழுத்து ஒரு கட்டியாகத் தெரியும். Noto Sans Tamil, Mukta Malar போன்றவற்றில் 600 அல்லது 700 தடிமன் பெரும்பாலும் சரியாக நிற்கிறது. எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஆங்கிலத் தலைப்புக்குக் கொடுத்த `letter-spacing: -0.02em` தமிழுக்கும் அப்படியே வந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இது அடிக்கடி நடக்கிறது. வந்திருந்தால் ஒரு எழுத்தின் கொம்பு அடுத்த எழுத்தில் முட்டும்.

வரி உயரமும் அப்படித்தான். ஆங்கிலப் பெரிய தலைப்புக்கு 1.1 கொடுப்பது வழக்கம். தமிழில் மேலே விசிறியும் புள்ளியும், கீழே சு, பு, வு-வின் வால்களும் இருக்கின்றன. 1.1இல் தலைப்பு இரண்டு வரியானால் மேல்வரியின் வால் கீழ்வரியின் விசிறியில் இடிக்கும். 1.35க்கும் 1.5க்கும் இடையில் வைத்தால் மூச்சு விடும்.

இருட்டுத் திரை: எவ்வளவு, எதுவரை

படத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் கறுப்புத் திரை ஒன்றைப் போடுவது பழைய வழி, நல்ல வழியும்கூட. எவ்வளவு கறுப்பு என்பதை ஊகிக்கத் தேவையில்லை. 0 என்றால் திரையே இல்லை, 1 என்றால் முழுக் கறுப்பு. படத்தில் முழு வெள்ளை இருந்தாலும் வெள்ளை எழுத்து 4.5 பெற வேண்டுமானால் திரை 0.54 இருக்க வேண்டும். 3 போதுமென்றால் 0.42. இந்த இரண்டு எண்ணையும் ஞாபகத்தில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. 0.2, 0.3 என்று போட்டுவிட்டு “ஓவர்லே போட்டாச்சு” என்பவர்கள் நிறையப் பேர். நுரையும் வெயில் வானமும் உள்ள படத்தில் அது போதாது.

ஆனால் 0.54ஐப் படம் முழுவதும் போட்டால் பாசிக்குடாக் கடலின் நிறமே செத்துவிடும். பயணி பார்க்க வந்ததே அந்த நிறத்தைத்தான். அதனால் இடது பக்கம் இருட்டாகத் தொடங்கி வலது பக்கம் தெளியும் கிரேடியன்ட் போடுவார்கள். தவறு நடப்பதும் இங்கேதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டிசைனர் போட்டது இது:

```css
background: linear-gradient(to right,
  rgb(0 0 0 / .7), rgb(0 0 0 / 0));
```

1366 பிக்சல் அகலத் திரையில் தலைப்பு 90ஆவது பிக்சலில் தொடங்கி 820இல் முடிகிறது. தொடக்கத்தில் இருட்டுத் திரை ஏறத்தாழ 0.65. அங்கே மணலின் மேல் கொன்ட்ராஸ்ட் 10 வருகிறது. பார்ப்பவர் இடமிருந்து வாசிக்கத் தொடங்கி, நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுவார். ஆனால் 820 என்பது அகலத்தின் 60 சதவீதம். அங்கே கிரேடியன்ட் 0.28ஆகக் குறைந்துவிட்டது. அதே இடத்தில்தான் நுரை இருக்கிறது. கணக்குப் போட்டால் 2.2. முதல் எழுத்து 10, கடைசி எழுத்து 2.2. “நாள்” என்பதன் புள்ளி தொலைந்தது இப்படித்தான்.

கிரேடியன்ட் உள்ள ஹீரோவை எப்போதும் தலைப்பின் கடைசி எழுத்தில் அளந்து பாருங்கள். இரண்டு வரித் தலைப்பானால் நீளமான வரியின் கடைசியில்.

திருத்தம் எளிது. எழுத்து இருக்கும் தூரம் முழுவதும் திரையை ஒரே அளவில் பிடித்து வைத்து, எழுத்து முடிந்த பிறகே தெளிய விட வேண்டும்:

```css
background: linear-gradient(to right,
  rgb(0 0 0 / .55) 0% 65%, rgb(0 0 0 / 0) 100%);
```

ஏன் 0.55? நுரையின் மேல் 0.5 வைத்தால் 4.3 வருகிறது. WCAG கணக்கில் தலைப்புக்கு அது போதும். கீழேயுள்ள 18 பிக்சல் விளக்க வரிக்குப் போதாது, அதுவும் அதே திரையில்தான் நிற்கிறது. 0.55இல் 5.1. 0.6 வைத்தால் 6 தாண்டும், ஆனால் மணல் சேறுபோல் ஆகிவிடுகிறது. வலது மூன்றிலொரு பங்கில் கடல் தன் நிறத்தோடு இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள். அங்கே வெளிச்சம் இல்லையென்றால் அந்தப் படத்தைப் போட்டும் பயனில்லை.

எழுத்துக்கு நிழல் கொடுப்பது துணை மருந்து மட்டுமே. `0 1px 2px rgb(0 0 0 / .6)` போல மெல்லியதாகக் கொடுத்தால் ஓரங்கள் தெளியும். கடினமான, தள்ளி விழும் நிழல் தமிழுக்கு ஆகவே ஆகாது: ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் இன்னொரு புள்ளி முளைக்கும்.

தானியங்கிப் பரிசோதனைக் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தின் மேல் உள்ள எழுத்தின் கொன்ட்ராஸ்டை அவை பொதுவாகக் கணிப்பதில்லை, கையால் பாருங்கள் என்று ஒதுக்கிவிடும், அல்லது பேசாமல் விட்டுவிடும். அறிக்கையில் சிவப்பு இல்லை என்பதற்காகத் தலைப்பு தேறிவிட்டது என்று எடுக்க வேண்டாம்.

போனில் அது வேறு படம்

360 × 640 அளவுள்ள போன் திரையை இந்தப் படம் `cover` முறையில் நிரப்பும்போது என்ன நடக்கிறது? உயரம் 640க்குப் பொருந்த, படத்தின் அகலம் 1138 ஆகும். திரையில் தெரிவது அதில் 360, மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. வழக்கமாக அது நடுப்பகுதி. நம் படத்தில் நடுவில் இருப்பது படகும் நுரையும். அமைதியான மணலும் நிறமுள்ள கடலும் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போய்விட்டன. கணினியில் நீங்கள் அளந்த எண்கள் ஒன்றும் இங்கே செல்லாது. இடமிருந்து வலமாகத் தெளியும் கிரேடியன்டும் இங்கே பயன்படாது, ஏனென்றால் எழுத்து திரையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்கிறது.

முதல் வழி, `object-position` மூலம் படத்தின் வேறு பகுதியைக் காட்டச் சொல்வது. `object-position: 90% 50%` என்றால் வலப்பக்கக் கடல் வரும். இரண்டாவது வழி, போனுக்கென்று நெட்டுக்குத்தாக எடுத்த வேறு படம். மூன்றாவது வழி, போனில் எழுத்தைப் படத்தின் மேல் வைக்காமலே விடுவது: மேலே படம், அதன் கீழே அடர்நீலப் பின்னணியில் தலைப்பு. படகும் ஆட்களும் குடைகளும் நிறைந்த படமென்றால் நாங்கள் இந்த மூன்றாவதையே சொல்வோம். படமும் முழுதாகத் தெரியும், எழுத்தும் முழுதாகத் தெரியும். டிசைனர்கள் முதலில் தயங்குவார்கள். போனில் பக்கத்தைக் கையில் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

எழுத்தளவையும் போனில் பாருங்கள். 56 பிக்சலில் “பாசிக்குடாக்” என்ற ஒரு சொல்லே, இரண்டு பக்கமும் 20 விட்டால் மிஞ்சும் 320 பிக்சலை எட்டிவிடும், சில எழுத்துருக்களில் தாண்டும். தாண்டினால் ஒன்று திரைக்கு வெளியே போகும், அல்லது “பாசிக்கு” ஒரு வரியிலும் “டாக்” அடுத்த வரியிலும் விழும். திரைக்கேற்பச் சுருங்க விடுங்கள்:

```css
h1 {
  font-size: clamp(30px, 5vw, 56px);
  line-height: 1.4;
  letter-spacing: 0;
  text-wrap: balance;
}
```

மூன்று மொழியிலும் தளம் இருந்தால் மூன்று தலைப்பையும் 360, 768, 1366 ஆகிய மூன்று அகலத்திலும் திறந்து பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு வரியில் முடிந்தது தமிழில் இரண்டு வரியாகி, சிங்களத்தில் வேறோர் இடத்தில் மடியும். வரி கூடினால் பட்டன் கீழே தள்ளுப்படும். ஹீரோவுக்கு `height` என்று உயரத்தைக் கட்டிப்போட்டிருந்தால் அது வெளியே வழிந்து அடுத்த பகுதியின் மேல் விழும். `min-height` என்று இருக்க வேண்டும்.

அடுத்து, வெயிலில் பாருங்கள். பக்கத்தைத் திறந்து, போனின் வெளிச்சத்தைப் பாதியாக வைத்து, பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியே நின்று வாசியுங்கள். தளத்தைத் தேடுபவர்களில் பலர் பஸ்ஸிலோ ஓட்டோவிலோ, கல்லடிப் பாலத்துக் காற்றிலோ நின்றுதான் பார்ப்பார்கள். அறைக்குள் 3இல் தெரிந்த எழுத்து வெயிலில் தெரியாது. நாம் 4.5ஐக் கேட்பதற்கு இது இரண்டாவது காரணம்.

படம் வருவதற்கு முன்

சிக்னல் குறைந்த இடத்தில் பெரிய படம் வந்து சேர நேரமெடுக்கும். அதுவரை என்ன தெரிகிறது? ஹீரோவுக்குப் பின்னணி நிறம் கொடுக்காவிட்டால் வெள்ளைப் பக்கத்தில் வெள்ளைத் தலைப்பு, ஒன்றுமே இல்லாத திரை. குரோமின் டெவலப்பர் கருவிகளில் நெட்வேர்க் வேகத்தைக் குறைத்து, பக்கத்தைப் புதிதாக ஏற்றிப் பாருங்கள். `background-color: #0b2b3a` என்ற ஒரே வரி இதைத் தீர்க்கும். பரிசோதனையில் மிகக் குறைந்த உழைப்பில் மிகப் பெரிய பலன் தருவது இதுதான், ஆனாலும் பல தளங்களில் இல்லாமலே இருக்கிறது.

படங்கள் மாறி மாறி ஓடும் ஸ்லைடர் என்றால் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். பட்டனுக்கு உள்நிறம் நிரப்பியிருக்க வேண்டும். வெறும் கோட்டு வட்டத்துக்குள் எழுத்து என்றால் தலைப்பின் பிரச்சினை அனைத்தும் பட்டனுக்கும் வரும்.

டிசைனருக்கு எழுதும்போது

“தலைப்பு தெளிவாக இல்லை” என்று எழுதினால் டிசைனர் தன் பெரிய திரையில் திறந்து, தெளிவாகத்தானே இருக்கிறது என்பார். இடம், அளவு, காரணம், ஒரு வழி நான்கையும் எழுதுங்கள். இப்படி:

“1366 அகலத்தில் தமிழ்த் தலைப்பின் கடைசிச் சொல் ‘நாள்’ நுரையின் மேல் விழுகிறது. அங்கே கொன்ட்ராஸ்ட் 2.2, ள்-இன் புள்ளி தெரியவில்லை. கிரேடியன்ட் அந்த இடத்துக்கு வரும்போது 0.28ஆகக் குறைந்திருப்பது காரணம். 65 சதவீதம் வரை 0.55இல் பிடித்தால் 5.1 வரும். 360 அகலத்தில் தலைப்பைப் படத்தின் கீழே கொண்டுவரப் பாருங்கள். இரண்டு ஸ்கிரீன்ஷொட் இணைத்திருக்கிறேன்.”

படத்தையே மாற்றலாம் என்றால் படம் எடுப்பவரிடமும் ஒரு வேண்டுகோள் வையுங்கள். பாசிக்குடா கிழக்கைப் பார்த்த கரை. காலையில் கடலை நோக்கி எடுத்தால் சூரியன் நேரே எதிரில், வானமும் நீரும் வெள்ளையாக வெடித்துப் போகும். பிற்பகலில் வெளிச்சம் நமக்குப் பின்னால் நின்று கடலில் விழும்போது வானம் ஒரே நீலமாக, எழுத்து வைக்க வசதியாக இருக்கும். படகை ஒரு பக்கத்துக்குத் தள்ளி, மறுபக்கத்தில் வானமோ மணலோ மட்டும் இருக்கும்படி பத்துப் படமாவது எடுத்துத் தரச் சொல்லுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் 0.55ஐவிட மெல்லிய திரையே போதும்.

மாரி காலம் வந்ததும் தளத்துக்காரர் படத்தை மாற்றுவார். சாம்பல் வானம் கண்ணுக்கு இருட்டாகத் தெரியும், நிறம் எடுத்துப் பார்த்தால் பல நேரம் மணலைவிட வெளிச்சமாக இருக்கும். அதனால் திரை அளவை எழுதிய அதே இடத்தில் ஒரு குறிப்பையும் விட்டு வையுங்கள், அடுத்துப் படம் மாற்றுபவர் எதை, எங்கே அளக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்படி:

```css
/* படம்: பாசிக்குடாப் படகு. 1366இல் தலைப்பு 820இல் முடிகிறது.
   நுரையில் 5.1. படம் மாறினால் அங்கே மீண்டும் அளக்கவும். */
```